மறுதேர்வு எப்போது? ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் அறிக்கையிலிருந்து திட்டம் வரை

மொழித் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்காதவர் பெரும்பாலும் முடிவு வெளியான அன்றே அடுத்த தேதிக்குப் பணம் கட்டிவிடுகிறார். முதல் தேர்வுக்கும் மறுதேர்வுக்கும் இடையே 90 நாட்கள் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஐஇஎல்டிஎஸ் தேர்வில் ஒரு காலத்தில் இருந்தது. 2006இல் அது நீக்கப்பட்டதால், இருக்கை கிடைத்தால் அடுத்த வாரமே மறுபடி எழுதலாம் என்ற நிலை ஏற்பட்டது. விதி விலகிக்கொண்ட இடத்தில் தேர்வரே தம் தேதியைத் தீர்மானிக்க வேண்டியவராகிறார். அந்தத் தீர்மானம் மூன்று கேள்விகளுக்கு வரிசையாக விடை காண்பதில் அமைகிறது: இலக்குக்கும் கிடைத்த மதிப்பெண்ணுக்கும் இடையே உள்ள குறை எந்தத் திறனில், எவ்வளவு; அந்தக் குறை திறனில் உள்ளதா, அளவீட்டின் தற்செயலில் உள்ளதா; அது சரியாகிவிட்டது என்பதைத் தேர்வு அரங்குக்குச் செல்லும் முன்பே எதைக் கொண்டு அறிவது. இந்த அத்தியாயம், பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற விரும்பும் ஒருவரின் மதிப்பெண் அறிக்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இம்மூன்று கேள்விகளையும் படிப்படியாக ஆராய்கிறது.

அறிக்கை சொல்வதும் சொல்லாததும்

ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் அறிக்கையில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கு திறன்களுக்கும் தனித்தனி மதிப்பெண்ணும், அவற்றின் சராசரியாகிய மொத்த மதிப்பெண்ணும் இடம்பெறுகின்றன. இவை பேண்ட் என்னும் அளவுகோலில், 0 முதல் 9 வரை, அரை அரைப் படியாகத் தரப்படுகின்றன. மொத்த மதிப்பெண் கணக்கிடப்படும்போது சராசரி அருகிலுள்ள அரைப் படிக்குத் திருத்தப்படுகிறது, சராசரி 6.25 ஆனால் 6.5 என்றும், 6.75 ஆனால் 7.0 என்றும் மேல்நோக்கித் திருத்தப்படும். ஆகவே மொத்த மதிப்பெண் 7.0 என்று இருப்பது நான்கு திறன்களும் அந்த நிலையில் உள்ளன என்பதற்குச் சான்றாகாது, அதனுள் 6.0 பெற்ற ஒரு திறன் மறைந்திருக்கலாம்.

கேட்டல், வாசித்தல் ஆகிய இரண்டிலும் தலா 40 வினாக்கள் உள்ளன. சரியான விடைகளின் எண்ணிக்கையே பேண்டாக மாற்றப்படுகிறது. தேர்வு நடத்துவோர் வெளியிட்டுள்ள சராசரி அட்டவணையின்படி, அகாடமிக் வகைத் தேர்வின் வாசித்தலில் 23 சரியான விடைகள் 6.0 ஆகவும், 30 விடைகள் 7.0 ஆகவும், 35 விடைகள் 8.0 ஆகவும் அமைகின்றன. தாளின் கடினத்தைப் பொறுத்து இந்த எல்லை ஓரிரு வினாக்கள் நகரக்கூடும். எழுதுதலும் பேசுதலும் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்களால் நான்கு அளவைகளின்படி மதிப்பிடப்படுகின்றன. எழுதுதலில் அவை, கேட்கப்பட்டதற்கு விடை அளித்த விதம், கருத்துத் தொடர்ச்சி, சொல்வளம், இலக்கணத்தின் விரிவும் துல்லியமும் ஆகியன. நான்குக்கும் சம எடை உண்டு. ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ விவரிக்கும் முதல் பணியைவிட, கட்டுரையாகிய இரண்டாம் பணிக்கு இரு மடங்கு எடை தரப்படுகிறது.

அறிக்கை மௌனமாக விடும் செய்திகளே மறுதேர்வுத் திட்டத்துக்கு மிகத் தேவையானவை. வாசித்தலில் எத்தனை விடை சரி, எந்தப் பகுதியில் பிழை, எந்த வகை வினாவில் தடுமாற்றம் என்பவை அதில் இல்லை. எழுதுதலில் 6.0 என்று மட்டுமே இருக்கும். நான்கு அளவைகளில் எது கீழே இழுத்தது என்பது இராது. எனவே இந்த அறிக்கையை எங்கே தேட வேண்டும் என்று காட்டும் கருவியாகப் பயன்படுத்தலாமே தவிர, நோய் இன்னது என்று கூறும் முடிவாகக் கொள்ள இயலாது. அதன் மௌனத்தை நிரப்பும் சான்றுகளைத் தேர்வரே வீட்டில் உருவாக்க வேண்டும்; அதற்கான முறை பின்னர் விளக்கப்படுகிறது.

இலக்கோடு பொருத்திப் பார்த்தல்

எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் செவிலியரின் அறிக்கை பின்வருமாறு அமைந்துள்ளது எனக் கொள்வோம்: கேட்டல் 7.5, வாசித்தல் 6.5, எழுதுதல் 6.0, பேசுதல் 7.0. நான்கின் கூட்டுத்தொகை 27, சராசரி 6.75, மொத்த மதிப்பெண் 7.0. பிரிட்டனின் செவிலியர், மருத்துவிச்சியர் பதிவு மன்றம் கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 7.0 மதிப்பெண்ணும், எழுதுதலில் 6.5 மதிப்பெண்ணும், மொத்தத்தில் 7.0 மதிப்பெண்ணும் கோருகிறது. மொத்தம் நிறைவேறியிருந்தும், வாசித்தலில் அரைப் படியும் எழுதுதலில் அரைப் படியும் குறைவதால் இந்த அறிக்கையைக் கொண்டு மட்டும் விண்ணப்பிக்க முடியாது.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு விதி திட்டத்தையே மாற்றுகிறது. இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களை இணைத்துக் காட்டுவதை அம்மன்றம் அனுமதிக்கிறது. 2023 பிப்ரவரியில் இவ்விதி தளர்த்தப்பட்டு, இரண்டு தேர்வுகளுக்கும் இடையே இருக்கத்தக்க கால அளவு 6 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தப்பட்டது. இணைத்துக் காட்டும்போது, கேட்டல், வாசித்தல், பேசுதல் ஆகியவற்றில் இரு தேர்வுகளிலும் எந்த மதிப்பெண்ணும் 6.5க்குக் கீழும், எழுதுதலில் 6.0க்குக் கீழும் இறங்கக் கூடாது. தேவையான மதிப்பெண் ஒவ்வொரு திறனிலும் ஏதேனும் ஒரு தேர்விலாவது கிடைத்திருக்க வேண்டும்.

இந்த விதியின் ஒளியில் பார்த்தால் செவிலியரின் முதல் அறிக்கை வீணானதன்று. அதில் எந்த மதிப்பெண்ணும் அடித்தள எல்லைக்குக் கீழே இல்லை. கேட்டலும் பேசுதலும் ஏற்கெனவே நிறைவேறிவிட்டன. ஆகவே இரண்டாம் தேர்வில் அவருக்கு வேண்டியவை இரண்டு வகையாகப் பிரிகின்றன: வாசித்தலில் 7.0, எழுதுதலில் 6.5 என்னும் உயர்வு; கேட்டலிலும் பேசுதலிலும் 6.5க்குக் கீழே போகாமை என்னும் காப்பு. நான்கு திறன்களையும் சமமாக உயர்த்தப் பாடுபடுவதற்கும், இரண்டை உயர்த்தி இரண்டைக் காப்பதற்கும் செலவாகும் காலம் பெரிதும் வேறுபடும். ஆயினும் காக்க வேண்டியதை முற்றிலும் கைவிடுவது ஆபத்தானது. கேட்டலில் முதல் முறை 7.5 பெற்றவர் பயிற்சியே இல்லாமல் இரண்டாம் முறை 6.0 பெற்றால், வாசித்தலிலும் எழுதுதலிலும் பெற்ற உயர்வு இருந்தும் இணைப்பு செல்லாமல் போகும். மேலும், இரண்டாம் தேர்விலும் மொத்தம் 7.0க்குக் குறையாதபடி திட்டமிடுவது பாதுகாப்பானது. கேட்டல் 7.0, வாசித்தல் 7.0, எழுதுதல் 6.5, பேசுதல் 6.5 என்று பெற்றாலும் கூட்டுத்தொகை மறுபடியும் 27 ஆகி மொத்தம் 7.0 கிடைத்துவிடும் என்பதால், இது கைக்கெட்டாத இலக்கன்று.

இத்தகைய விதிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். சில பல்கலைக்கழகங்களும் குடியேற்றத் துறைகளும் ஒரே அமர்வில் பெற்ற மதிப்பெண்களை மட்டுமே ஏற்கின்றன. எனவே அறிக்கை கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, மதிப்பெண்ணைப் பெறப்போகும் நிறுவனத்தின் தற்போதைய விதியை அதன் சொந்த இணையதளத்தில் படித்து, எதை உயர்த்த வேண்டும், எதைக் காத்தால் போதும் என்ற பட்டியலை எழுதிக்கொள்வதாகும். விதிகள் திருத்தப்படக்கூடியவை என்பதால், பணம் கட்டும் முன் மறுபடி ஒருமுறை சரிபார்த்தல் நன்று.

குறை உண்மையானதா?

எந்தத் தேர்வும் ஒருவரின் திறனை முற்றிலும் துல்லியமாக அளப்பதில்லை. அதே திறன் கொண்டவர் வேறொரு நாளில் வேறொரு தாளை எழுதினால் மதிப்பெண் சற்றே மேலோ கீழோ போகும். இந்த இயல்பான அசைவை அளவியலாளர்கள் அளவீட்டுப் பிழை என்கின்றனர். இங்கே பிழை என்பது திருத்துபவர் செய்த தவறைக் குறிப்பதன்று. ஐஇஎல்டிஎஸ் தேர்வின் கேட்டல், வாசித்தல் தாள்களுக்கு இந்த அசைவு ஏறத்தாழ 0.4 பேண்ட் என்று தேர்வு நடத்துவோரின் கணக்குகள் காட்டுகின்றன. அதாவது, அரைப் படி வேறுபாடு என்பது திறனில் மாற்றமே இல்லாமலும் நிகழக்கூடியது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. வாசித்தலில் 6.5 பெற்ற செவிலியர், வழக்கமான எல்லைகளின்படி, 7.0க்கு ஒன்று முதல் மூன்று வினாக்களே குறைவாகப் பெற்றிருப்பார்; எதையும் மாற்றாமல் அடுத்த வாரமே எழுதினாலும் அவருக்கு 7.0 கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அதே காரணத்தால் 6.0 கிடைக்கவும் வாய்ப்பு உண்டு, 6.0 கிடைத்தால் இணைப்பு விதியின்படி அந்தத் தேர்வு முழுவதும் பயனற்றதாகிவிடும். ஒரு திறனில் தற்செயல் கைகொடுப்பதற்காகக் காத்திருப்பவர் மற்ற மூன்றிலும் அதே தற்செயல் கைவிடாது என்றும் நம்ப வேண்டியிருக்கிறது. குறை இரண்டு திறன்களில் இருக்கும்போது இந்த நம்பிக்கை இன்னும் பலவீனமாகிறது.

குறை உண்மையானதா என்பதை முடிவு செய்ய உதவுவது, தேர்வு மதிப்பெண்ணைத் தேர்வுக்கு முந்தைய பயிற்சி மதிப்பெண்களோடு ஒப்பிடுவதே. நேரக் கட்டுப்பாட்டோடு எழுதிய பயிற்சித் தாள்களில் ஒருவர் தொடர்ந்து 33, 34 விடைகள் பெற்று, தேர்வில் மட்டும் 6.5 பெற்றிருந்தால், அந்த நாளில் ஏதோ தவறியிருக்கிறது என்று கொண்டு விரைவில் மறுபடி எழுதுவது நியாயமானது. பயிற்சியில் 27, 28 என்றே பெற்றுவந்தவர் தேர்வில் 6.5 பெற்றால், அந்த மதிப்பெண் அவரது நிலையைச் சரியாகவே காட்டுகிறது. அவர் தேதியைத் தள்ளிப்போட்டு முறையை மாற்ற வேண்டியவர்.

மறுதேர்வுக்கு மாற்றாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மறுமதிப்பீடு. தேர்வு நாளிலிருந்து 6 வாரங்களுக்குள் கட்டணம் செலுத்தி, குறிப்பிட்ட திறனையோ எல்லாத் திறன்களையுமோ மூத்த மதிப்பீட்டாளர் ஒருவர் மறுபடி மதிப்பிடும்படி கோரலாம். மதிப்பெண் உயர்ந்தால் கட்டணம் திருப்பித் தரப்படும். கேட்டலும் வாசித்தலும் விடைக் குறிப்பின்படி எண்ணப்படுவன என்பதால் அவற்றில் மாற்றத்துக்கு இடம் மிகக் குறைவு; மனித மதிப்பீடு கலந்த எழுதுதலிலும் பேசுதலிலுமே இதற்குப் பொருள் உண்டு. மற்றொன்று, ஒரு திறனை மட்டும் மீண்டும் எழுதும் வசதி. கணினிவழியே தேர்வு எழுதியவர், முதல் தேர்விலிருந்து 60 நாட்களுக்குள், நான்கில் ஒரே ஒரு திறனை ஒருமுறை மட்டும் மீண்டும் எழுதிப் புதிய அறிக்கை பெறலாம். எல்லா மையங்களிலும் இவ்வசதி இல்லை. எல்லா நிறுவனங்களும் இத்தகைய அறிக்கையை ஏற்பதுமில்லை.

எடுத்துக்காட்டிலுள்ள செவிலியருக்கு இரண்டு திறன்களில் குறை இருப்பதால், ஒரு திறனை மட்டும் எழுதும் வழி தனியே போதாது. எழுதுதலில் மறுமதிப்பீடு கோரி 6.5 கிடைத்துவிட்டால் மட்டும், வாசித்தல் ஒன்றே மிஞ்சும் என்பதால் அவ்வழி திறக்கும். அவருடைய பயிற்சிக் கட்டுரைகளை விவரமறிந்த ஆசிரியர் ஒருவர் பெரும்பாலும் 6.5, 7.0 என்று மதிப்பிட்டிருந்தால் மறுமதிப்பீட்டை முயன்று பார்க்கலாம், அவையும் 6.0 என்றே மதிப்பிடப்பட்டிருந்தால் அந்தப் பணத்தையும் காத்திருக்கும் நாட்களையும் பயிற்சிக்குத் திருப்புவதே தக்கது. இங்கே இரண்டாம் நிலையே உண்மை எனக் கொண்டு மேலே செல்வோம்.

வாசித்தல்: பிழைகளை வகைப்படுத்துதல்

அறிக்கை சொல்லாததை அறிய எளிய வழி, இதுவரை பார்த்திராத மூன்று முழுத் தாள்களை 60 நிமிட வரையறையோடு எழுதி, பிழைகளை வகைப்படுத்துவதாகும். கேம்பிரிட்ஜ் வெளியிடும் மாதிரித் தேர்வு நூல்கள் உண்மைத் தேர்வுக்கு நெருக்கமானவை என்பதால் அவற்றை இதற்கெனவே ஒதுக்கி வைப்பது நல்லது. பயிற்சியில் ஒருமுறை பார்த்துவிட்ட தாள் அளவிடுவதற்குப் பயன்படாது. ஒவ்வொரு பிழைக்கும் எதிரே அது எந்தப் பகுதியில் நிகழ்ந்தது, எந்த வகை வினா, ஏன் நிகழ்ந்தது என மூன்று குறிப்புகள் எழுதப்பட வேண்டும். காரணங்களை நேரம் போதாமை, சொல் தெரியாமை, பத்தியின் கருத்தைத் தவறாகக் கொள்ளுதல், எழுத்துப் பிழை அல்லது சொல் எண்ணிக்கை மீறல் என நான்காக வகுத்தால் போதும்.

செவிலியர் மூன்று தாள்களில் 28, 27, 29 என்று பெற்றார் எனக் கொள்வோம். 120 வினாக்களில் 36 பிழைகள். அவற்றில் 14 பிழைகள் மூன்றாம் பகுதியில் நேரமின்றி ஊகித்தோ விட்டோ போனவை. 11 பிழைகள் பத்திகளுக்குத் தலைப்புப் பொருத்தும் வினாக்களில் நிகழ்ந்தவை. 7 பிழைகள் தகவல் சரியா, தவறா, பத்தியில் கூறப்படவே இல்லையா என்று கேட்கும் வினாக்களில் நிகழ்ந்தவை. எஞ்சிய 4 பலவகைப்பட்டவை. சொல்வளம் போதவில்லை என்று எண்ணி நாள்தோறும் சொற்பட்டியல் மனனம் செய்ய முற்பட்டிருந்தால், அவரது உழைப்பு பிழைகள் இல்லாத இடத்தில் விழுந்திருக்கும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

நேரம் எங்கே போயிற்று என்பதை அறிய, ஒவ்வொரு பகுதியும் முடியும்போது மணியைக் குறித்துக்கொள்வது அவசியம். எளிதான முதல் பகுதியிலேயே அவர் 25 நிமிடம் செலவிடுகிறார் என்று தெரியவந்தால், திருத்தம் மூன்றாம் பகுதியில் இல்லை. முதல் பகுதியில் விடை உறுதியான பின்னும் மறுபடி மறுபடி சரிபார்க்கும் பழக்கத்தில் இருக்கிறது. மூன்று பகுதிகளுக்கும் முறையே 17, 20, 23 நிமிடம் என வரம்பிட்டு, வரம்பு முடிந்ததும் ஊக விடையைக் குறித்துவிட்டு நகரும்படி பழக வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படாததால் எந்த வினாவையும் வெறுமையாக விடத் தேவையில்லை. தலைப்புப் பொருத்தும் வினாக்களில், பத்தியில் ஒருமுறை வரும் கண்ணைக் கவரும் சொல்லைத் தலைப்பிலும் கண்டு அதையே தேர்ந்தெடுப்பது பொதுவான பிழை. விடைகளைப் பார்க்கும் முன் பத்தியின் சாரத்தைத் தமிழிலேயே ஒரு வரியில் எழுதிவிட்டுப் பிறகு தலைப்புகளைப் பார்ப்பது இதைப் பெரிதும் குறைக்கும்.

இத்திருத்தங்கள் எவ்வளவு தரக்கூடும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடலாம். நேரப் பிழை ஒரு தாளுக்கு ஏறத்தாழ 5; அவற்றில் 3 மீண்டால் 28 என்பது 31 ஆகும். தலைப்புப் பிழை ஒரு தாளுக்கு ஏறத்தாழ 4. அவற்றில் பாதி மீண்டால் 33 ஆகும். 30 என்னும் எல்லையைவிட மூன்று கூடுதல் என்பதால், தேர்வு நாளின் இயல்பான அசைவைத் தாங்கும் இடைவெளி கிடைத்துவிடுகிறது. இலக்கு 30 எனக் கொண்டு சரியாக 30 பெறும் நிலையில் தேர்வுக்குச் செல்பவர், ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற வாய்ப்போடு செல்கிறார்.

எழுதுதல்: எது கீழே இழுக்கிறது

எழுதுதலில் ஒவ்வொரு பேண்டுக்கும் எதிர்பார்க்கப்படும் தகுதிகளின் விளக்கத்தைத் தேர்வு நடத்துவோர் பொதுவில் வெளியிட்டுள்ளனர். இந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நேர வரையறையோடு எழுதப்பட்ட மூன்று ஜோடிப் பணிகளை நான்கு அளவைகளின்படியும் தனித்தனியே மதிப்பிட வேண்டும். தம் எழுத்தைத் தாமே மதிப்பிடுபவர் பிழைகளைக் காணத் தவறுவார் என்பதால், இந்த விளக்கத்தைப் பயன்படுத்திப் பழகிய ஆசிரியரிடம் இதை ஒப்படைப்பது சிறந்தது. அவரிடம் ஒரே மதிப்பெண்ணைக் கேட்காமல், இரண்டு பணிகளுக்கும் நான்கு அளவைகளிலும் தனித்தனியாக எட்டு மதிப்பெண்களைக் கேட்டுப் பெற வேண்டும். அறிக்கை மறைத்த செய்தி அந்த எட்டு எண்களில்தான் வெளிப்படும்.

செவிலியரின் பணிகளில் பின்வருவன தெரியவந்தன எனக் கொள்வோம். முதல் பணியில் வரைபடத்தின் ஒவ்வொரு எண்ணையும் வரிசையாக எழுதுகிறார். ஆனால் மொத்தப் போக்கு என்ன என்பதைக் கூறும் சுருக்கம் இல்லை. தெளிவான மொத்தப் பார்வை இன்றி விவரங்களை இயந்திரம்போல் அடுக்குவது 5.0 நிலையின் அடையாளமாகவே அந்த விளக்கத்தில் குறிக்கப்பட்டுள்ளது. எனவே, எண்களில்லாமல் முதன்மைப் போக்குகளை இரண்டு வாக்கியங்களில் கூறும் ஒரு பத்தியை முன்னுரையை அடுத்து எழுதப் பழகுவது இந்த அளவையை விரைவாக உயர்த்தும். மொழித்திறன் வளரக் காத்திருக்க வேண்டியிராத திருத்தம் என்பதால் இதை முதலில் மேற்கொள்ள வேண்டும்.

கட்டுரையில் தம் நிலைப்பாட்டை அவர் முடிவுரையில்தான் கூறுகிறார், 7.0 நிலைக்கோ நிலைப்பாடு கட்டுரை முழுவதும் தெளிவாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலும் மனப்பாடமான இணைப்புச் சொல்லை வைப்பது கருத்துத் தொடர்ச்சிக்கு மதிப்பைத் தராது. இயந்திரத்தனமான இணைப்பு 6.0 நிலைக்குரியதாகவே கொள்ளப்படுகிறது. ஒரு பத்திக்கு ஒரு கருத்தைக் கொண்டு, அதற்குக் காரணமும் எடுத்துக்காட்டும் தந்து விரிப்பதே தேவையானது.

மிகுந்த காலம் பிடிப்பது இலக்கணத் துல்லியமே. பிழைகள் பொருளைக் கெடுக்காத அளவில் இருந்தால் 6.0 நிலை, பிழையற்ற வாக்கியங்கள் அடிக்கடி அமைந்தால் 7.0 நிலை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் எழுத்தில் ஆர்ட்டிகிள் விடுபடுவது மிகப் பொதுவானது; தமிழில் அதற்கு நேரான உறுப்பு இல்லாமையால், விடுபட்டதே கண்ணுக்குத் தெரிவதில்லை. எழுவாய்க்கும் வினைமுற்றுக்கும் உள்ள எண் இயைபும் அவ்வாறே நழுவுகிறது. முன்னேற்றத்தை அளக்க, ஒவ்வொரு கட்டுரையிலும் பிழையே இல்லாத வாக்கியங்கள் எத்தனை என்று எண்ணிக் குறித்துவருவது பயன்தரும். 13 வாக்கியங்களில் 5 மட்டுமே பிழையற்றவை என்று தொடங்குபவர் 8, 9 என்ற நிலையைத் தொடர்ந்து எட்டும்போது மாற்றம் நிலைபெற்றுவருகிறது என்று கொள்ளலாம். இது தேர்வின் அதிகாரபூர்வ அளவு அன்று, தேர்வர் தம் போக்கைக் காண்பதற்கான கணக்கு மட்டுமே. புதிய கட்டுரைகளை எழுதிக் குவிப்பதைவிட, திருத்தப்பட்ட கட்டுரையையே மறுபடி முழுவதும் எழுதுவது பிழைப் பழக்கத்தை மாற்ற அதிகம் உதவும். வாரத்துக்கு இரண்டு கட்டுரைகளை எழுதி, இரண்டையும் திருத்தி மறுபடி எழுதுவது பணியிலிருக்கும் செவிலியரால் இயலக்கூடிய அளவாகும்.

தேதியைக் குறித்தல்

தேதியை நாட்காட்டியிலிருந்து தேர்ந்தெடுக்காமல் சான்றிலிருந்து தேர்ந்தெடுப்பதே இம்முறையின் மையம். அதற்கு முன்கூட்டியே சில வாயில்களை வகுத்து எழுதிவைக்க வேண்டும். செவிலியருக்கு அவை இவ்வாறு அமையும்: வாசித்தலில், முன்பு பார்த்திராத மூன்று தாள்களில் அடுத்தடுத்து 32 அல்லது அதற்கு மேல்; எழுதுதலில், மூன்று ஜோடிப் பணிகளும் ஆசிரியரால் 6.5க்குக் குறையாமல் மதிப்பிடப்பட்டு, அவற்றில் ஒன்றேனும் 7.0 பெறுதல், கேட்டலில், இரண்டு தாள்களில் 30க்குக் குறையாமை, பேசுதலில், ஒரு முழு மாதிரித் தேர்வில் 7.0. காக்க வேண்டிய திறன்களிலும் வாயில் அடித்தள எல்லையாகிய 6.5க்கு மேலே வைக்கப்பட்டிருப்பதன் காரணம், தேர்வு நாளில் அரைப் படி சரிந்தாலும் இணைப்பு செல்லுபடியாக வேண்டும் என்பதே.

காலக் கணக்கு இரண்டு முனைகளிலிருந்தும் செய்யப்பட வேண்டும். முதல் தேர்வு ஜனவரி நடுவில் எழுதப்பட்டிருந்தால், 12 மாத எல்லை அடுத்த ஜனவரி நடுவில் முடிகிறது. இரண்டாம் தேர்வு சறுக்கினால் மறுமதிப்பீட்டுக்கோ இன்னொரு முயற்சிக்கோ இடம் இருக்க வேண்டும் என்பதால், அக்டோபர் இறுதியைக் கடைசி வரம்பாகக் கொள்வது நல்லது. முன்னிருந்து பார்த்தால், பிழைகளைக் கண்டறிய இரண்டு வாரம், நேர வரம்பும் வினா வகையும் பழக நான்கு முதல் ஆறு வாரம் தேவை. எழுத்தின் இலக்கணப் பழக்கம் மாறுவதற்கு அதனினும் நீண்ட காலம், பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தேவைப்படும். இரண்டில் மெதுவான திறனே தேதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஏப்ரல் நடுவில் வாயில்களைச் சோதித்து, அவை கடக்கப்பட்டால் மே தொடக்கத்தில் ஒரு தேதிக்குப் பதிவு செய்வது பொருத்தமாகும். கடைசிப் பத்து நாட்களில் புதிதாக எதையும் கற்க முற்படாமல், கேட்டலையும் பேசுதலையும் பழைய நிலையில் காப்பதற்கு அந்த நாட்களைப் பயன்படுத்தலாம்.

வாயில் கடக்கப்படவில்லை என்றால் தேதி நகர வேண்டும். வாயில் நகரக் கூடாது. வாசித்தலில் 33, 29, 34 என்று வருபவர் சராசரி 32 என்று எண்ணித் தம்மைத் தேற்றிக்கொள்ளலாம்; ஆனால் 29 என்பது அந்த நாளில் வந்திருந்தால் 6.5தான் கிடைத்திருக்கும் என்பதால், சராசரிக்கு மாறாக மிகக் குறைந்த மதிப்பெண்ணையே அவர் நோக்க வேண்டும். அந்த 29இல் என்ன நிகழ்ந்தது என்பதைப் பிழைப் பட்டியலில் கண்டு திருத்திய பிறகே மறுபடி மூன்று தாள்களைத் தொடங்குவது முறையாகும்.

இரண்டாம் அறிக்கையும் அதே இடத்தில் நின்றுவிட்டால், உடனே மூன்றாம் தேதியைத் தேடுவதற்கு முன் பயிற்சிக் குறிப்புகளையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பயிற்சியில் வாயில்கள் எல்லாம் கடக்கப்பட்டு, அறிக்கை மட்டும் தாழ்ந்திருந்தால், ஆராய வேண்டியது பயிற்சிச் சூழலை: தாள்கள் முன்பே பார்த்தவையா, நேரம் உண்மையிலேயே கடைப்பிடிக்கப்பட்டதா, எழுத்தை மதிப்பிட்டவர் தாராளமாக மதிப்பிட்டாரா என்பவை அங்கே விடை தரும். பயிற்சியிலேயே உயர்வு இல்லாமல் தேர்வுக்குச் சென்றிருந்தால், குறை தேதியில் இல்லை, மொழியில் இருக்கிறது. அப்போது தேர்வுத் தாள்களைப் பல மாதங்கள் ஒதுக்கிவைத்து, ஆங்கிலத்தில் நாள்தோறும் படிப்பதும் எழுதுவதுமாகிய அடிப்படைப் பயிற்சிக்குத் திரும்புவதே உண்மையான திட்டமாகும். 12 மாத எல்லை அதனால் கடந்துபோனாலும், அடித்தளம் வலுப்பெற்றபின் நான்கு திறன்களையும் ஒரே அமர்வில் நிறைவேற்றும் வாய்ப்பு கூடுவதால், பழைய அறிக்கையைக் காப்பதற்காக மட்டும் ஆயத்தமில்லாமல் ஒரு தேர்வை எழுதுவது தேவையற்றது.